வலி தணிந்த பிறகு பேசியது: ஒரு நோய்த்தணிப்புச் சிகிச்சை நேர்வு ஆய்வு

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான 62 வயது நோயாளி, நுரையீரல் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவிய நிலையில் எங்கள் பிரிவில் சேர்ந்தார். வலியின் அளவு பத்துக்கு எட்டு என்றார். மூச்சுத்திணறலும் இருந்தது, மூன்று இரவுகளாகத் தூக்கமும் இல்லை. அவரைப் பரிசோதித்து முடிப்பதற்குள் மகள் என்னை வெளியே அழைத்து, "அப்பாகிட்ட எதையும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்று கேட்டுக்கொண்டார்.

முதலில் வலியைக் கவனித்தோம். ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்த டிரமடால் போதாததால், வாய்வழி மார்ஃபின் 5 மி.கி. வீதம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தொடங்கி, மலச்சிக்கல் ஏற்படும் வரை காத்திராமல் மலமிளக்கியையும் அன்றே சேர்த்தோம். மறுநாள் மார்ஃபினை 10 மி.கி. ஆக உயர்த்தினோம், நாளொன்றுக்கு 60 மி.கி. என்பதால், இடையில் வலி எழுந்தால் அதன் ஆறில் ஒரு பங்கான 10 மி.கி. கூடுதலாகத் தரலாம் என்று குறித்தோம். மார்ஃபின் மூச்சுத்திணறல் உணர்வையும் குறைத்தது. நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்தில் படும்படி சிறிய விசிறியை வைத்ததும் உதவியது. எலும்பு வலிக்காக ஒரே தவணையில் 8 கிரே கதிர்வீச்சு ஏற்பாடாயிற்று. மூன்றாம் நாள் வலி மூன்றாகக் குறைந்தது.

மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்தும் என்று மகன் அஞ்சினார். இந்த அச்சத்துக்கு விடையாகப் பலர் இரட்டை விளைவுக் கோட்பாட்டை முன்வைப்பார்கள்: நோக்கம் வலிநீக்கமாக இருக்கும்போது, முன்கூட்டியே தெரிந்திருந்தும் விரும்பாத தீங்கை ஏற்கலாம் என்பது அது. இங்கே அந்த வாதமே தேவையற்றது என்பது என் கருத்து. வலிக்கேற்பப் படிப்படியாக அளவை உயர்த்தி, மூச்சையும் விழிப்புநிலையையும் கண்காணிக்கும்போது மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. அந்தக் கோட்பாட்டைத் துணைக்கு அழைத்தால், குடும்பத்தின் தவறான அச்சத்தை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மகளின் வேண்டுகோள் இதைவிடக் கடினமானது. அது அன்பிலிருந்து பிறந்தது; ஆனால் தன் நோயைப் பற்றி எவ்வளவு அறிய வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை நோயாளிக்கு உரியது. அறியாமல் இருக்க விரும்புவதும் அந்த உரிமையில் அடங்கும் என்பதால், உண்மையை வலிந்து திணிப்பதும் தவறே. ஆகவே மகளிடம், "நாங்களாக எதையும் சொல்ல மாட்டோம், அவர் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டோம்" என்று தெரிவித்து, அவர் உடனிருக்க நோயாளியிடம், "உங்கள் நோயைப் பற்றி நீங்கள் என்ன புரிந்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை, நானும் குறுக்கிடவில்லை.

"பரவியிடுச்சுன்னு தெரியும். இவ தாங்க மாட்டாளேன்னுதான் கேக்கலை" என்றார்.

அன்று மாலையே, செயற்கைச் சுவாசம் வேண்டாம், வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் கூறியதைக் குறிப்பேட்டில் பதிந்தோம். வீட்டில் மருந்து கொடுக்கும் பொறுப்பை மகளே ஏற்றார். 19 நாட்களுக்குப் பின் நோயாளி இறந்தார்.

கடும் வலியில் இருப்பவரிடம் இப்படி உரையாட முடியாது என்று சொல்லித்தான் அந்தப் பேச்சை மூன்றாம் நாள் வரை தள்ளிவைத்தேன். அந்தக் காரணம் சரியானதே. ஆனால் இரண்டாம் நாள் மாலையே வலி ஐந்தாகியிருந்தது. அன்று நான் பேசாததற்கு அவருடைய வலியைவிட என் தயக்கமே காரணம்.