குரூப் 4 பொது அறிவு: சுருக்க அட்டவணை (வியாசர்பாடி மாலைப் படிப்புக் குழு)

மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் இந்த அட்டவணையைக் காட்டி யாரும் தமிழைத் தள்ளிப்போட வேண்டாம்.

75இல் 40 கேள்வி அலகு 5, 6 இரண்டிலிருந்தே வருகிறது. அவற்றைத்தான் விரித்திருக்கிறேன். "10 ச.அ." என்றால் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்.

அலகு 6: தமிழக வரலாறு, பண்பாடு, இயக்கங்கள் (20)

| தலைப்பு | பிடித்துக்கொள்ள | எங்கே |
|---|---|---|
| தொடக்கக் கிளர்ச்சி | பூலித்தேவன், கட்டபொம்மன், வேலு நாச்சியார். வேலூர் 1806 | 10 ச.அ. வரலாறு, பாடம் 6 |
| விடுதலைப் போர் | வ.உ.சி. கப்பல் நிறுவனம் 1906. வேதாரண்யம் 1930, ராஜாஜி | பாடம் 9 |
| தொழிலாளர் | சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918, பி.பி. வாடியா, மே தினம் 1923, சிங்காரவேலர் | பாடம் 10 |
| சமூக நீதி | நீதிக்கட்சி 1916, வைக்கம் 1924, சுயமரியாதை இயக்கம் 1925 | பாடம் 10 |
| திருக்குறள் | அதிகார எண், அன்றாட வாழ்வோடு தொடர்பு | 6 முதல் 12 வரை தமிழ்ப் பாடநூல் |

1918 சங்கம் நம்ம பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்து உருவானது. புளியந்தோப்புப் பக்கம் இருப்பவர்கள் தாத்தா பாட்டியிடம் பின்னி மில் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஆண்டு மறக்காது.

அலகு 5: பொருளாதாரம், தமிழக வளர்ச்சி நிர்வாகம் (20)

| தலைப்பு | பிடித்துக்கொள்ள | எங்கே |
|---|---|---|
| வரி | ஜி.எஸ்.டி. 1.7.2017, நேர்முகம், மறைமுகம் | 10 ச.அ. பொருளியல், பாடம் 4 |
| இடஒதுக்கீடு | 69%. 76ஆவது திருத்தம் 1994, ஒன்பதாம் அட்டவணை | 10 ச.அ.வோடு சட்டத் திருத்தப் பட்டியல் |
| திட்டங்கள் | மக்களைத் தேடி மருத்துவம் 2021, புதுமைப் பெண் 2022, காலை உணவு 2022, மகளிர் உரிமைத் தொகை 2023 | tn.gov.in, துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்பு |

திட்டங்களுக்கு பழைய கைடு போதாது. பயனாளி யார், தொகை எவ்வளவு, எந்தத் துறை: இந்த மூன்றையும் கொள்கைக் குறிப்பிலிருந்தே எழுதுங்கள்.

அலகு 4: அரசியலமைப்பு (15)

| தலைப்பு | பிடித்துக்கொள்ள | எங்கே |
|---|---|---|
| அடிப்படை உரிமை | பிரிவு 14 முதல் 32 வரை | 10 ச.அ. குடிமையியல், பாடம் 1 |
| நடுவண், மாநில அரசு | ஆளுநர், முதல்வர், பிரிவு 356 | பாடம் 2, 3 |
| உள்ளாட்சி | 73, 74ஆவது திருத்தம் 1992 | 9 ச.அ. குடிமையியல் |

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் (10): 10 ச.அ. பாடம் 5, 7, 8. அறிவியல் (5): 6 முதல் 10 வரை, பெட்டிச் செய்திகளோடு. புவியியல் (5): 10ஆம் வகுப்பில் தமிழ்நாடு பற்றிய பாடங்கள். அறிவியல், புவியியல் இரண்டும் சேர்ந்த பத்துக் கேள்விக்காக ஒரு மாதத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஞாயிறு மாலை வரும்போது அலகு 6ஐ வெறும் ஆண்டுகளாக, புத்தகம் பார்க்காமல் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்து வாருங்கள். பக்கத்தில் இருப்பவர் திருத்துவார்.