ஒரே மூட்டை உரம், இரண்டு விதமான விளைச்சல்

கேள்வி: ஆனேக்கல் பக்கம் ஒரு லேஅவுட்டில் நானும் என் மைத்துனரும் அடுத்தடுத்து முப்பதுக்கு நாற்பது மனை வாங்கினோம். வீடு கட்டும்வரை சும்மா கிடப்பானேன் என்று இரண்டிலும் ஒரே நாளில் தக்காளி நட்டோம். நாற்று ஒரே நர்சரி, தண்ணீர் ஒரே போர்வெல், ஒரே மூட்டையில் பிரித்த டி.ஏ.பி., யூரியா. அவர் செடிகள் இடுப்பளவு நிற்கின்றன. என்னுடையவை முழங்காலைத் தாண்டவில்லை. கொழுந்தெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. “அத்தானுக்குக் கைராசி இல்லை” என்று சிரிக்கிறார். எதிர்வீடு கட்டியபோது என் மனையில்தான் ஜல்லியும் சிமெண்டும் போட்டுக் கலவை குழைத்தார்கள். அது காரணமாக இருக்குமா?

பதில்: கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

தழைச்சத்து குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். ஆனால் சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிட்டால் அந்த இரும்பு கரையாது, வேருக்கும் எட்டாது. டி.ஏ.பி.யின் மணிச்சத்தையும் சுண்ணாம்பு பிடித்துவைத்துக்கொள்ளும். யூரியாவை மேலாகத் தூவினால் அதில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். மைத்துனரின் மண்ணில் இந்தத் தொல்லை இல்லை.

செடியின் அடியில் ஒரு சாண் தோண்டி, ஒரு பிடி மண்ணைத் தட்டில் பரப்பி, அதில் வினிகரைச் சொட்டுங்கள். நுரைத்துச் சீறினால் சுண்ணாம்பு இருக்கிறது. அவர் மண்ணிலும் சொட்டிப் பாருங்கள். கூடவே இரண்டு மனையிலும் ஒரு கம்பியை அழுத்துங்கள். லாரி ஏறி இறங்கிய இடத்தில் அது அரை சாணுக்கு மேல் இறங்காது. வேரின் கதியும் அதுதான்.

கேள்வி: அப்படியானால் உரத்தை இரட்டிப்பாக்கினால் ஈடுகட்டிவிடாதா?

பதில்: வேண்டவே வேண்டாம். மணிச்சத்து மிதமிஞ்சினால் இரும்புக் குறைவு இன்னும் முற்றும். இப்போதைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி எனும் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் ஒருமுறை. புதுக் கொழுந்து பச்சையாக வந்தால் நோய் அதுதான். பழைய இலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இந்தப் பருவம் முடிந்ததும் சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கி, கலவை குழைத்த இடத்து மேல்மண்ணை வாரி வெளியேற்றி, ஆழக் கொத்தி, மக்கிய தொழுவுரம் தாராளமாகப் போடுங்கள். அடுத்த நடவுக்கு முன் மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில், ஜி.கே.வி.கே. என்று எல்லோரும் சொல்லும் வளாகத்தில், அதற்கு வசதி உண்டு. எட்டுப் பத்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோ போதும். மைத்துனர் மண்ணையும் சேர்த்துக் கலந்துவிடாதீர்கள். அவருடையது தனிப் பையில் போகட்டும்.