எது செய்தியாகிறது? வளாக வானொலி வலையொலி எழுத்துரு

(அறிமுக இசை. ஆறு விநாடிகளுக்குப் பின் மெல்லக் குறையும்.)

தொகுப்பாளர்: வணக்கம். வேலூரிலிருந்து, இதழியல் துறை மாணவர்கள் வழங்கும் வளாக வானொலியின் வலையொலி இது. ஒரு நாளில் நம் மாவட்டத்தில் நடப்பவற்றுள் மிகச் சிலவே மறுநாள் காலை நாளிதழில் இடம்பெறுகின்றன. அவை எந்த அளவுகோலால் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதை இன்று பேசவிருக்கிறோம். என்னுடன் முதலாண்டு மாணவர் ஒருவரும் இருக்கிறார்.

மாணவர்: வணக்கம். அக்கா, என் கேள்வியிலிருந்தே தொடங்கலாமா? கோடை வந்தால் ‘வேலூரில் வெயில் சதம்’ என்று நாளிதழ்கள் தவறாமல் எழுதுகின்றன. ஆனால் 99 டிகிரி அடித்த நாளில் யாரும் எழுதுவதில்லை. அந்த ஒரு டிகிரியில் நமக்கு வியர்வை கூடிவிடுகிறதா?

தொகுப்பாளர்: வியர்வை கூடுவதில்லை, செய்தி மதிப்புதான் கூடுகிறது. ஒரு நிகழ்வு எந்த அளவைத் தாண்டினால் கவனத்துக்கு வரும் என்பதை ஆய்வாளர்கள் வாசல் அளவு என்பார்கள். நூறு டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ்தான். அந்த எண்ணைத் தலைப்பில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆக, இங்கே வாசலைக் கட்டியிருப்பது வெயிலின் கடுமை மட்டுமல்ல. நாம் எண்ணிப் பழகிய முழு எண்ணும்தான்.

இந்த அளவுகோல்களுக்குப் புகழ்பெற்ற ஒரு பட்டியலைத் தந்தவர்கள் யோகான் கால்டுங், மாரி ஹோல்ம்போ ருகே என்னும் நார்வே நாட்டு ஆய்வாளர்கள். காங்கோ, கியூபா, சைப்ரஸ் ஆகிய நாடுகளில் எழுந்த நெருக்கடிகளை நான்கு நார்வே நாளிதழ்கள் எவ்வாறு வெளியிட்டன என்பதை ஆராய்ந்து, 1965-இல் பன்னிரண்டு காரணிகளை அவர்கள் முன்வைத்தார்கள். பன்னிரண்டையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. அது தேர்வுக்கு உதவும், கேட்பவர்களுக்கு உதவாது. இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் பழைய, பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தில் நடந்தவை.

(இடை இசை. மூன்று விநாடிகள்.)

தொகுப்பாளர்: 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்த கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. அதிலிருந்து பாய்ந்த கழிவுச் சேறு பக்கத்துத் தொழிற்கூடத்துக்குள் புகுந்து, அங்கே உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

ஓராண்டு கழித்து, 2016 பிப்ரவரி 6 அன்று, நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்ததில் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்ததாகச் செய்தி பரவியது. உலகின் பெரிய நாளிதழ்கள் எல்லாம் நாட்றம்பள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தன.

மாணவர்: பத்து உயிர்கள் போன இடத்தைவிட ஓர் உயிர் போன இடம் உலகத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது ஏன்?

தொகுப்பாளர்: எதிர்பாராத தன்மை என்னும் காரணி வேலை செய்யும் விதம் அதுதான். தொழிற்சாலை விபத்தில் தொழிலாளர்கள் இறப்பதைத் தொலைவிலிருக்கும் செய்தி ஆசிரியர் ‘வழக்கமாக நடப்பது’ என்ற வரிசையில் வைத்துவிடுகிறார். அந்த வரிசையே ஒரு கொடுமை என்பது என் கருத்து; ஆனால் பக்கம் கட்டும் மேசையில் அது நாள்தோறும் நடக்கிறது. விண்கல் தாக்கி மனிதர் இறப்பதோ, நவீன காலத்தில் அறிவியல் உறுதி செய்த பதிவே இல்லாத நிகழ்வு. அதோடு அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் அறிக்கையும் அதை விண்கல் என்றே குறிப்பிட்டது. உயர் பதவியில் இருப்பவர் சொன்னால் செய்தியின் எடை கூடும் என்பதும் அந்தப் பட்டியலில் உள்ள காரணியே. சில நாட்களில் நாசா அறிவியலாளர்கள், இணையத்தில் வெளியான படங்களைப் பார்த்தால் இது தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றார்கள். வானிலிருந்து கல் விழுந்தது என்பதில் இருக்கும் வியப்பு, விழவில்லை என்பதில் இல்லை. மறுப்புச் செய்தி, முதல் செய்தியின் வேகத்தில் ஒருபோதும் ஓடுவதில்லை.

மாணவர்: ராணிப்பேட்டைச் செய்தி நம் நாளிதழ்களில் முதல் பக்கத்தில் வந்திருக்குமே?

தொகுப்பாளர்: வந்தது. நமக்கு அருகில் நடந்தது என்னும் அண்மை மதிப்பு அதற்குத் துணை நின்றது. ஆனால் அந்தத் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்த காலத்தில் அது யாருக்கும் தலைப்புச் செய்தியாக இருக்கவில்லை. இன்றைய பேச்சில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கால்டுங்கும் ருகேயும் நிகழ்வின் கால அளவைப் பட்டியலின் முதலிலேயே வைத்தார்கள். நாளிதழுக்கு ஒரு நாள் என்பது மூச்சின் அளவு; அதற்குள் தொடங்கி முடிகிற நிகழ்வு அதற்குப் பொருந்தும். சுவர் இடிவது ஒரு நொடியில் முடிந்துவிடும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெடுவதோ பல ஆண்டுகளாக நடப்பது. அதில் எந்தச் செவ்வாய்க்கிழமையை எடுத்து ‘நேற்று நடந்தது’ என்று எழுத முடியும்?

எனவே மாசு செய்தியாக வேண்டுமானால் அதற்கு ஒரு தேதி தேவைப்படுகிறது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஒரு தேதி கிடைத்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்ற தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் நம் ஊரின் பெயரோடுதான் படிக்கிறார்கள். 2015-இல் சுவர் ஒரு தேதியைத் தந்தது. இந்தத் தேதிகளுக்கு நடுவிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மக்கள் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மாணவர்: 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கைப்பேசியில் எல்லாம் அதே படங்கள்தான் வந்தன.

தொகுப்பாளர்: ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு கரை தொட்டு ஓடினால் அது எதிர்பாராதது, பெரியது, படமாக எடுக்கத்தக்கது. டோனி ஹார்கப், டியர்ட்ரே ஓநீல் என்னும் பிரிட்டன் இதழியல் ஆய்வாளர்கள் 2017-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் காட்சித்தன்மையையும், பிறருக்குப் பகிரத்தக்க தன்மையையும் தனி மதிப்புகளாகச் சேர்த்தார்கள். கெட்டுப்போன நிலத்தடி நீரைப் படம் எடுத்தால் அது வெறும் தண்ணீராகத்தான் தெரியும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மாணவர்: அப்படியானால் தாலுகா நிருபர் என்ன செய்ய முடியும்? டெஸ்க்கில் இருப்பவர் ‘இன்று இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ என்றுதானே கேட்பார்?

தொகுப்பாளர்: அந்தக் கேள்விக்கு விடையை முன்கூட்டியே தயாரித்து வைப்பவர்தான் தேர்ந்த நிருபர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டுப் பெற்றால், அந்தப் பதில் கைக்கு வரும் நாளே செய்தியின் தேதியாகிறது. மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் ஒரு கிராமத்தார் குடத்துத் தண்ணீரோடு வந்து ஆட்சியரிடம் மனு கொடுத்தால் மனிதர், மோதல், அதிகாரம், படம் என நான்கு மதிப்புகளும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. போராட்டம் நடத்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்; சில வேளைகளில் நிருபர்களைவிட நன்றாகத் தெரியும். அதனால் குடம் வந்தது என்று எழுதுவதோடு நின்றுவிடாமல், குடத்தில் இருந்த தண்ணீரின் பரிசோதனை முடிவையும் அதே செய்தியில் சேர்ப்பது நிருபரின் பொறுப்பு.

அடுத்த பகுதிக்கு வரும்போது, உங்கள் வீட்டு நாளிதழின் மாவட்டப் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் அது எந்த மதிப்பினால் உள்ளே வந்தது என்று பென்சிலால் குறித்துக் கொண்டுவாருங்கள். காரணம் எதுவும் பிடிபடாத செய்தி இருந்தால் அதைத் தனியாக வட்டமிடுங்கள். விளம்பரமும் செய்தியும் கலக்கும் இடத்தைப் பற்றிய அடுத்த உரையாடலை அங்கிருந்துதான் தொடங்கப் போகிறோம். நன்றி, வணக்கம்.

(நிறைவு இசை.)