முதுகைக் காட்டிக்கொண்டு போனவள்

படத்தில் என் மகள் யாழினியின் முகம் தெரியாது. முதுகுதான். அதிலும் பாதியைப் பை மறைத்துவிட்டது. முகம் தெரிகிற மாதிரி எடுக்கத்தான் பள்ளி வாசலில் நின்று "பாப்பா, இங்க பாரு, அப்பாவைப் பாரு" என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற நாலைந்து பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். என் பிள்ளை பார்க்கவில்லை. ஆகவே தொடக்கநிலை ஒன்றின் முதல் நாளுக்கு இதுதான் படம். 2026 ஜனவரி 2, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடம். சிங்கப்பூர் யீஷுனில் இன்னும் சரியாக விடியக்கூட இல்லை.

பள்ளியின் பெயரைக் கேட்டு யாரும் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். சட்டைப் பட்டையும் தெரியாதபடிதான் வெட்டியிருக்கிறேன். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மட்டும் முழுப் படம் போய்விட்டது. ஒரத்தநாட்டில் அப்போது காலை நாலரை மணி. அரை நிமிடத்தில் பார்த்துவிட்டார். ராத்திரி தூங்கவே இல்லையாம்.

எங்கள் வீட்டில் ஒத்திகை நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. பாலர் பள்ளியில் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். தொடக்கநிலை ஒன்றில் அப்படியில்லை, இடைவேளையில் தானே வரிசையில் நின்று, தானே காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால் தினமும் சாப்பாட்டு மேசை எங்கள் கேண்டீன். அத்தைதான் கடைக்கார ஆன்ட்டி. யாழினி இரண்டு வெள்ளித் தாளை நீட்டி "ஆன்ட்டி, மீஹூன் ஒன்னு" என்பாள். அத்தை ஒரு வெள்ளி இருபது காசு என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே எழுபது காசு மட்டும் திருப்பித் தருவார். முதல் வாரம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இரண்டாம் வாரம் நின்று விரல் விட்டு எண்ணினாள். மூன்றாம் வாரம் "பாட்டி, நீங்க ஏமாத்துறீங்க" என்று இடுப்பில் கை வைத்தாள். அன்றைக்கு அத்தைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

தண்ணீர்ப் புட்டியைத் திறப்பது, கழிப்பறைக்குப் போகக் கையைத் தூக்கிக் கேட்பது, சப்பாத்தின் ஒட்டுப் பட்டையை இழுத்து ஒட்டுவது எல்லாம் ஒத்திகையில் சேர்த்தி. பினஃபோர் ஓர் அளவு பெரிது. கவிதா கீழ் விளிம்பை இரண்டு விரல் கடை மடித்துக் கையாலேயே தைத்தாள். ஜூனில் ஒரு மடிப்பைப் பிரிக்கலாம், அடுத்த ஜனவரியில் இன்னொன்றை என்று கணக்கும் சொன்னாள். ஆறு வயசுப் பிள்ளை எத்தனை அங்குலம் வளரப்போகிறாள் என்று ஒரு தாய் ஊசியால் எழுதி வைத்திருப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நேற்று ஆங்கிலப் புத்தாண்டு. வழக்கம் போலப் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். அத்தை அர்ச்சனைத் தட்டில் தேங்காய், வாழைப்பழத்தோடு யாழினியின் பென்சில் பெட்டியையும் வைத்துவிட்டார். திரும்பி வரும்போது பெட்டிக்குள் விபூதியும் ஒரு செவ்வந்தி இதழும். அழிரப்பரைத் தட்டினால் இன்னும் விபூதி கொட்டுகிறது. ஆசிரியர் என்ன நினைத்தாரோ தெரியாது.

அத்தை நேவல் பேஸ் குடியிருப்பில் வளர்ந்தவர். தமிழ்ப் பள்ளியில் படித்தவர். "எங்க காலத்துல கணக்கையே தமிழ்லதான் சொல்லிக் குடுத்தாங்க" என்று இந்த வாரம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அப்படிப்பட்ட பள்ளி இப்போது இங்கே ஒன்றுகூட இல்லை. கடைசியாக இருந்த உமறுப் புலவர் பள்ளியும் 1982-இல் மூடப்பட்டது. யாழினிக்குத் தமிழ் ஒரு பாடம், மற்றதெல்லாம் ஆங்கிலம். இதைப் புகாராகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒரு மொழியில் பேசிக்கொண்டிருந்த பிள்ளை தினமும் ஆறு மணி நேரம் வேறொரு மொழிக்குக் குடிபோகிறாள் என்றால், அப்பனுக்கு உள்ளே ஏதோ ஒன்று இடறத்தான் செய்யும். சரி, அது இன்றைக்கு வேண்டாம்.

அழுவாள் என்றுதான் நினைத்தேன். ஏன் நினைக்காமல்? இவள் 2019 மே மாதத்துப் பிள்ளை. முதல் பிறந்தநாள் வந்தபோது ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்று புளோக் தள்ளியிருந்த அத்தையைக்கூட வரவழைக்க முடியவில்லை. கேக்கைத் திரைக்கு முன்னால் வைத்து ஊதினோம். ஒரத்தநாட்டில் அம்மா திரையைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். அந்த இரண்டு மாதம் இவள் பார்த்த மனித முகங்கள் இரண்டுதான், என்னுடையதும் கவிதாவுடையதும். வரவேற்பறைச் சோபாவிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும் இவள் நடந்த முதல் ஏழு அடியை வேறு யாரும் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, பாலர் பள்ளியின் முதல் வாரம் முழுக்க என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். ஒருநாள் பிடித்த பிடியில் பையே கிழிந்துவிட்டது.

அந்த அனுபவத்தில் இன்றைக்கு ஏற்பாடு பலம். விடுப்பு எடுத்தாயிற்று. பினஃபோர் பையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை நானே வைத்தேன். "அழுகை வந்தா இதுல தொடச்சுக்கணும், சட்டையில தொடைக்கக் கூடாது, சரியா?" தலையை ஆட்டினாள். "அப்பா இடைவேளைக்கு வருவேன், கயித்துக்கு அந்தப் பக்கம் நிப்பேன், பயப்படாதே." அதற்கும் தலையை ஆட்டினாள். மின்தூக்கியில் இறங்கும்போது என் சுண்டுவிரலை மட்டும் பிடித்திருந்தாள். கீழ்த்தளத்தில் நாலைந்து வெள்ளைச் சப்பாத்துகள், எல்லாம் புதுசு. யார் பிள்ளை என்று தெரியாத பிள்ளைகள், எல்லாருக்கும் பின்னால் கைப்பேசியோடு ஓர் அப்பாவோ தாத்தாவோ. ராத்திரி மழையில் தரை நனைந்திருந்தது. வழுக்கும் என்று நான் தூக்கப் போனேன். "அப்பா, யாராச்சும் பார்ப்பாங்க" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் பாதி தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் ஓர் ஆசிரியை பட்டியலில் பெயரைப் பார்த்தார். நாலாம் வகுப்பு அக்கா ஒருத்தி வந்து, "ஹலோ, நான்தான் உன் தோழி" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையை நீட்டினாள். புதுப் பிள்ளைகளை இப்படிப் பெரிய பிள்ளைகளிடம் சேர்த்துவிடுகிறார்கள், நல்ல வழக்கம். என் சுண்டுவிரல் காலியானது எனக்கே தெரியவில்லை. பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு, பை குதிக்கக் குதிக்க, அவள் பாட்டுக்குப் போனாள். அப்போது எடுத்ததுதான் மேலே உள்ள படம். கொஞ்சம் கலங்கியிருக்கிறது. கேமராவின் கோளாறு இல்லை.

சிறிது நேரத்தில் உள்ளே தேசிய கீதம் கேட்டது, அப்புறம் உறுதிமொழி. யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்தினம் எழுதிய வரிகள், 1966-லிருந்து இங்கே பிள்ளைகள் சொல்லி வருகிறார்கள். வலது கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். இடது கையை வைப்பாளோ என்ற கவலையில் மதிலோரம் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என்னைப் போலவே இன்னும் மூன்று அப்பாக்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் கண்ணைப் பார்க்காமல் கலைந்தோம்.

என் முதல் நாள் வேறு மாதிரி. தலைமையாசிரியர் என் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். விரல் எட்டியது, அஞ்சு வயசு ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொண்டார். அம்மா வாசல் தாண்டியதும் நானும் பின்னாலேயே ஓடி, அம்மாவுக்கு முந்தி வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா அடிக்கவில்லை. ஒரு வாய் மோர்ச்சோறு ஊட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். இந்தக் கதையை யாழினிக்குச் சொல்லியிருந்தேன், அவள் ஓடி வந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்பதற்காக. இப்போது யோசித்தால், ஓடி வரட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறேன் போல.

ஒன்பதரைக்கு இடைவேளை. கேண்டீனைச் சுற்றிக் கயிறு கட்டி, பெற்றோரை வெளியே நிறுத்தியிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே இருநூறு பிள்ளைகள், கயிற்றுக்கு வெளியே நானூறு கைப்பேசிகள். கவிதாதான் முதலில் கண்டுபிடித்தாள். "அதோ, மூணாவது வரிசை."

யாழினி மேசைக்கு வந்தாள். பினஃபோர் பைக்குள் கையை விட்டாள். டிஷ்யூ பாக்கெட்டை எடுத்தாள். எனக்கு மூச்சு நின்றது. அழப்போகிறாள், கயிற்றைத் தாண்டிவிடலாமா என்று காலைத் தூக்கியேவிட்டேன். அவள் பாக்கெட்டை மேசையில், தன் பக்கத்து இடத்தில் வைத்தாள். நேராக இல்லை என்று விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்தாள். பிறகு வரிசைக்குப் போய்விட்டாள்.

சோப் பண்ணுகிறாள்! டிஷ்யூ வைத்து இடம் பிடிப்பதற்கு இங்கே அதுதான் பெயர். அங்காடி நிலையத்தில் அவள் அம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்து, பிள்ளை இடம் பிடிக்கிறாள்.

கவிதா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற சீனத் தாத்தா திரும்பிப் பார்த்து, விஷயம் புரிந்து, அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்க ஒரு டிஷ்யூ இல்லை. இருந்ததைத்தான் மேசையில் வைத்துவிட்டாளே. கவிதா தன் முந்தானையை நீட்டினாள். அப்புறம் அதையே தானும் வாங்கிக்கொண்டாள்.

கடையில் மிச்சத்தை வாங்கி எண்ணினாள். சரியாக இருந்திருக்க வேண்டும், சட்டைப்பையில் போட்டாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்தாள். அவள் பிடித்து வைத்த இடத்தில் ரெட்டைச் சடை போட்ட மலாய்ச் சிறுமி வந்து உட்கார்ந்தாள். இருவரும் எதையோ பேசினார்கள். பத்தடி தூரம், ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. அவள் பேசி நான் கேட்காத முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

ஒருமுறை மட்டும் நிமிர்ந்து கயிற்றுப் பக்கம் பார்த்தாள். கையை ஆட்டினேன், இரண்டு கையையும். அவள் இடுப்புக்குக் கீழே விரலை மட்டும் ஆட்டினாள், யாரும் பார்க்காத மாதிரி.

மதியம் ஒன்றரைக்கு வெளியே வந்தவளிடம் கேட்க நூறு கேள்வி வைத்திருந்தேன். ஆசிரியர் பெயர்? "மறந்துட்டேன்." தமிழ் வகுப்பு? "திங்கட்கிழமைதான்." அழுதியா? "ஒரு பையன் அழுதான். நான் டிஷ்யூ குடுத்தேன்." மிச்சம்? "எல்லாத்தையும் அவனே முடிச்சுட்டான்."

திங்கட்கிழமைக்கு இரண்டு பாக்கெட் வேண்டுமாம். ஒன்று இடம் பிடிக்க, இன்னொன்று அந்தப் பையனுக்கு.