முழு சந்திர கிரகண நேரலை: மதுரை மொட்டைமாடி, 2025 செப்டம்பர் 7

குறிப்பு: 9:57, 11:01, 11:41, 12:23 இந்த நான்கு நேரமும் நகராது. கேள்வி பாதியில் நின்றாலும் கேமரா நிலாவுக்குப் போக வேண்டும்.

இரவு 9:45 தொடக்கம்
"எல்லாருக்கும் வணக்கம். இப்போது நிலா நல்ல வெளிச்சமாகத் தெரிகிறது. இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் பூமியின் நிழல் அதன் விளிம்பைத் தொடும். வெறும் கண்ணாலேயே தாராளமாகப் பார்க்கலாம். வாசலுக்கோ மாடிக்கோ வாருங்கள், எங்கள் குரல் ஃபோனில் ஓடட்டும்."

9:57 நிழல் தொடுகிறது
"விளிம்பு மங்குகிறது பாருங்கள். நிழலின் ஓரம் வளைவாக இருக்கிறது. பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று."
(இரண்டு நிமிடம் பேச்சு வேண்டாம்.)

10:20 முதல் 10:50 வரை கேள்வி நேரம்
"தம்பி, சாட்டில் என்ன கேட்கிறார்கள்?"

கட்டாயம் வரும் கேள்வி, கர்ப்பிணிகள் பற்றியது. கேட்பவரைச் சிறுமைப்படுத்தும் ஒரு சொல்லும் கூடாது. வீட்டில் பெரியவர்கள் சொன்ன பயத்தோடு கேட்கிறார்கள். பதில்: "நல்ல கேள்வி அம்மா. இது நிழல் மட்டும்தான். நிழலில் இருந்து எந்தக் கதிரும் வருவதில்லை. வெளியே வந்து பார்க்கலாம், பசித்தால் சாப்பிடலாம்."

பௌர்ணமிதோறும் ஏன் இல்லை என்று கேட்டால்: "நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் நிழலுக்கு மேலேயோ கீழேயோ போய்விடும்."

சாட் அமைதியாக இருந்தால்: "சரி, நான் கேட்கிறேன். உங்கள் ஊரில் வானம் எப்படி? ஊர் பெயரோடு எழுதுங்கள்."

11:01 முழு கிரகணம்
"முழுதாக நிழலுக்குள் வந்துவிட்டது. ஆனால் மறையவில்லை, சிவக்கிறது. பூமியைச் சுற்றியுள்ள காற்று நீலத்தைச் சிதறடித்து, சிவப்பை வளைத்து நிலா மேல் விழ வைக்கிறது. பூமியில் இந்த நேரத்தில் நடக்கும் எல்லாச் சூரிய உதயமும் அஸ்தமனமும் சேர்ந்த வெளிச்சம் அது. கொஞ்சம் தள்ளி மின்னாமல் நிற்பது சனி கிரகம்."

11:41 உச்சம். பேச்சில்லாமல் காட்சி மட்டும். அப்புறம் 12:15 வரை மறுபடி கேள்விகள்.

மேகம் மறைத்தால்: "மேகம் வந்துவிட்டது, காத்திருக்கிறோம். முழு கிரகணம் 82 நிமிடம் நீடிக்கும், அவசரமில்லை. வானம் தெளிவாக உள்ள ஊர்க்காரர்கள் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள், வாசிக்கிறோம்." (பழைய பதிவை ஓட்டவே கூடாது. நம்பி வந்தவர்களுக்கு மேகத்தையே காட்டுவோம்.)

நெட் அறுந்து திரும்பினால்: "மன்னிக்கவும், இணைப்பு போய்விட்டது. இப்போது நேரம்..." என்று மணியைச் சொல்லி, நிலாவின் நிலையிலிருந்து தொடரவும். விட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

பதில் தெரியாவிட்டால்: "உறுதியாகத் தெரியவில்லை. பார்த்துவிட்டு நாளை வீடியோவின் கீழே எழுதுகிறோம்." (தம்பி கேள்வியைக் குறித்துக்கொள்ளவும்.)

12:23 நிறைவு
"விளிம்பில் வெள்ளை வெளிச்சம் திரும்புகிறது. 1:26 வரை நிழல் விலகிக்கொண்டே இருக்கும். கேமரா அதுவரை ஓடும், எங்கள் பேச்சு இதோடு முடிகிறது. இந்தியாவில் இதுபோல் முழுதாகப் பார்க்க அடுத்த வாய்ப்பு 2028 டிசம்பர் 31. பிள்ளைகள் தூங்காமல் இருந்தால் இன்னும் ஒரு முறை வெளியே கூட்டிப்போய்க் காட்டுங்கள். வணக்கம்."