மறுநாள் சோலார்: கடைக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய அடையாளக் குறிப்பு

இதைக் குன்னூர் கடையில் வேலை செய்யும் எல்லோரும் படிக்க வேண்டும். பில் போடும் அக்கா, ஜீப் ஓட்டும் அண்ணன், புதிதாகச் சேர்ந்து ஏணி பிடிக்கும் தம்பி, யாருக்கும் விலக்கு இல்லை. போர்டு எழுதுபவருக்கும் அச்சகத்துக்கும் இதிலிருந்து ஒரு பக்கம் போகும். மீதி நமக்கு.

ஏன் பெயரை மாற்றினோம்

போன மார்கழியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டிக்கு கொட்டேஷன் கொடுக்கப் போனேன். வீட்டுக்காரர் விலையே கேட்கவில்லை. நேராகப் பின்பக்கம் கூட்டிப்போய், தகரக் கூரையில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போன பேனலைக் காட்டினார். இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. "போட்டவங்க கீழே இருந்து வந்தாங்க. ஆறு மாசம் போன் எடுத்தாங்க. அப்புறம் ரிங் மட்டும் போச்சு. இப்போ அதுவும் போகல. நீங்க எத்தனை மாசம் எடுப்பீங்க?" என்றார்.

ஏறிப் பார்த்தேன். குரங்கு கேபிளை இழுத்ததில் ஒரு கனெக்டர் கழன்று, அதற்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. முக்கால் மணி நேர வேலை. அதற்காக இரண்டு வருடம் அந்தப் பேனல் சும்மா வெயில் காய்ந்திருக்கிறது.

நம்மிடம் வருகிறவர்களுக்கு பேனல் மேல் பயம் இல்லை. பேனல் 25 வருடம் ஓடும் என்று அவர்களே சொல்கிறார்கள். போட்டவன் திரும்ப வருவானா என்பதுதான் பயம். ஆனால் நம் பழைய பெயரிலும் போர்டிலும் சூரியனும் பச்சை இலையும்தான் இருந்தன. ஊரில் பாதி சோலார் கடைகளில் அதே சூரியன், அதே இலை. போன் எடுக்காதவனின் போர்டும் நம் போர்டும் தூரத்திலிருந்து ஒன்றுபோல் இருந்தால், வாடிக்கையாளர் நம்மைச் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

அதனால்தான் மறுநாள். பேனல் மாட்டிய மறுநாளிலிருந்துதான் நம் வேலை தொடங்குகிறது. பழுது என்று சொன்னால் மறுநாள் ஆள் வரும். இரண்டு அர்த்தமும் வேண்டும். யாராவது "என்னங்க பேரு இது?" என்று கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள், கேட்க வைக்கிற பெயர்தான் நமக்கு நல்லது.

குறிஞ்சி என்று வைக்கலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். 12 வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் பூ நீலகிரிக்குப் பெருமைதான். சர்வீஸ் கடைக்கு அந்தப் பெயர் ஆகாது.

நாம் சொல்லும் ஒரே வாக்கு

*இன்று சொன்னால் நாளை கூரையில்.*

ஜீப்பில், போர்டில், பில்லில், எங்கும் இதே வரி. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இதற்கு அடியில் சிறிய எழுத்தில், ஆனால் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில், இன்னொரு வரி வரும்: *மண் சரிந்து பாதை அடைத்தால், நாளை போன். பாதை திறந்த மறுநாள் ஆள்.* ஐப்பசியில் பர்லியார் பாதையும் கோத்தகிரிப் பாதையும் என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை மறைத்தால் வாக்கு முழுவதும் பொய்யாகத் தெரியும்.

வாக்கைக் காப்பாற்ற முடியாத இடத்தில் விற்கக் கூடாது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, மஞ்சூர் வரை போவோம். கூடலூர், பந்தலூர் இப்போதைக்கு வேண்டாம். ஊட்டியிலிருந்து கூடலூரே 50 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவமழையில் அங்கே நம் ஒரு ஜீப்பை வைத்துக்கொண்டு மறுநாள் என்று சொல்வது வாய்ச்சவடால். அங்கே ஒரு மெக்கானிக் கிடைக்கும் வரை, "இப்போ அங்கே எங்களுக்கு ஆள் இல்லைங்க, அதனால போடறதில்ல" என்று அப்படியே சொல்லுங்கள். ஆர்டர் போகும். போகட்டும்.

மழைத் தவணை

பெயரும் நிறமும் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்மை நம்ப வைக்கப் போவது இதுதான் என்று நினைக்கிறேன். மொத்தத் தொகையில் 10,000 ரூபாயை மாட்டிய அன்று வாங்க மாட்டோம். முதல் மழைக்காலம் முடிந்ததும் நாமே போய், கிளாம்பை இறுக்கி, எர்த்திங் பார்த்து, பேனலின் கீழ் விளிம்பில் படியும் பாசியைத் துடைத்து, யூனிட் கணக்கை நோட்டில் எழுதிய பிறகுதான் அந்தப் பணம். போகாவிட்டால் பணம் இல்லை. நாம் திரும்ப வருவோமா என்ற சந்தேகத்துக்கு, பணத்தை அவர் கையிலேயே விட்டுவிட்டு வருவதை விட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

கொட்டேஷனின் முதல் பக்கத்தில் விலைக்கு மேலே இது வர வேண்டும்:

> பேனலுக்கு 25 வருட உற்பத்தி வாரண்டி: தருவது பேனல் கம்பெனி.
> இன்வெர்ட்டர் வாரண்டி: தருவது இன்வெர்ட்டர் கம்பெனி. எத்தனை வருடம் என்று பெட்டியில் உள்ளதை இங்கே எழுதியிருக்கிறோம்.
> 5 வருடப் பராமரிப்பு: தருவது நாங்கள்.
> மூன்றில் எது பழுதானாலும் நீங்கள் கூப்பிட வேண்டியது எங்களை. கம்பெனியோடு பேசுவது எங்கள் வேலை.
> 10,000 ரூபாய் மழைத் தவணை: முதல் மழைக்காலம் முடிந்து நாங்கள் வந்து பார்த்த பிறகு தந்தால் போதும்.

மானியத்தையும் இதே பக்கத்தில் சொல்லிவிடுங்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். அது வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும், நம் கைக்கு வராது. இதை முதலிலேயே சொல்லாத கடைகளால்தான் "மானியத்தையும் அவனே எடுத்துக்கிட்டான்" என்ற பேச்சு ஊரில் சுற்றுகிறது.

எப்படிப் பேசுவோம்

மாட்டுவதற்கு முன்னாடியே கெட்ட செய்தியைச் சொல்லிவிட வேண்டும். நமக்கு வரும் கோபப் போன்களில் பெரும்பாலானவை பழுதால் வந்தவை அல்ல. சொல்லாமல் விட்டதால் வந்தவை.

முதல் கெட்ட செய்தி: கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். பேட்டரி இல்லாத ஆன்கிரிட் அப்படித்தான். மரம் விழுந்து லைன் அறுந்திருக்கும்போது நம் பேனல் கரண்டை வெளியே தள்ளினால், கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. அதனால் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். இதை லைன்மேனை வைத்தே சொல்லுங்கள். மலையில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு லைன்மேனைத் தெரியாதவர் இல்லை, உடனே புரியும்.

இரண்டாவது: சமவெளியில் 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதே கணக்கை நவம்பர் மூடுபனியில் குன்னூரில் சொன்னால் மாட்டிக்கொள்வோம். நம் குளிரில் பேனல் சூடாகாததால் வெயில் அடிக்கும் நாளில் நன்றாகவே ஓடும், ஆனால் மேகம் மேகம்தான். இரண்டு மாத பில் கணக்கில் பேசாமல் வருடக் கணக்கில் பேசுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தின் நிழல் விழுந்தால், அந்தக் கூரைக்கு எத்தனை பேனல் தாங்கும் என்று குறைத்தே சொல்லுங்கள்.

"பில்லே வராது", "கவலையே வேண்டாம்", "மெயின்டனன்ஸே தேவையில்லை" ஆகிய மூன்றும் நம் வாயிலிருந்து வரக் கூடாது. மூன்றாவதைச் சொன்னால் நாம் எதற்கு இருக்கிறோம்?

போன் வந்தால் மூன்று மணியடிப்பதற்குள் ஒரு ஆள் எடுக்க வேண்டும். "ஒண்ணை அழுத்தவும்" எல்லாம் கிடையாது. சொல்வது இவ்வளவுதான்: "வணக்கம், மறுநாள். எந்த வீடுங்க?" பெயர் கேட்காதீர்கள், வீட்டைக் கேளுங்கள். ஹட்டி, எஸ்டேட் லைன், சர்ச்சுக்குப் பின்னாடி என்று அவர்கள் சொன்னதும் நோட்டைத் திறந்து, "ஆமாங்க, ரெண்டு வருஷம் முன்னாடி வைகாசியில மாட்டினது, ஓட்டுக் கூரை" என்று நாம் சொல்வதுதான் நம் விளம்பரம். பெரியவர்களை ஐயா, அம்மா. நம் வயதுக்காரர்களை அண்ணா, அக்கா. பங்களாக்காரர்கள் சார் என்றால்தான் திருப்திப்படுவார்கள், சரி, சார்.

ஆள் கிளம்பும்போது வாட்ஸப்பில்:

> வணக்கம் அக்கா, மறுநாளிலிருந்து. இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு என்று நேற்று சொன்னீர்கள். இன்று காலை 10 மணிக்குள் இரண்டு பேர் வருவார்கள். அதுவரை மேலே ஏற வேண்டாம், ஸ்விட்சையும் தொட வேண்டாம். மழை பெய்தால் ஈரக் கூரையில் ஏற மாட்டோம், வெயில் வரும் வரை காத்திருப்போம்.

தவறு நம்முடையது என்றால் மழுப்ப வேண்டாம்: "கிளாம்ப் எங்கள் ஆள் சரியாக இறுக்கவில்லை. மாற்றிவிட்டோம். காசு இல்லை." இதே வரிகளை நோட்டிலும் எழுத வேண்டும்.

நோட்டு

ஒவ்வொரு இன்வெர்ட்டருக்குப் பக்கத்திலும் ஒரு ஆணியில், பால் கணக்கு நோட்டு மாதிரி ஒன்று தொங்கும். என்று வந்தோம், யார் வந்தார், என்ன பார்த்தோம், அடுத்து எப்போது என்று கையெழுத்தில் இருக்கும். செயலி வைக்கலாமே என்று தம்பி கேட்டான். வைப்போம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து புரட்டிப் பார்ப்பது நோட்டைத்தான், செயலியை அல்ல.

வேறு யாரோ போட்டுக் கைவிட்ட பேனலையும் பார்ப்போம். பார்க்கும் கூலி 600 ரூபாய், பொருளுக்குத் தனி. போட்ட கடையைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசக் கூடாது. அந்த வீட்டிலும் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு வாருங்கள்.

கண்ணுக்குத் தெரிவது

சின்னம்: கூரையில் சாய்த்த ஏணி. சூரியன் கிடையாது. ஏணியின் மேல் படி கூரையைத் தொட வேண்டும். போர்டுக்காரர் முதலில் வரைந்ததில் அது வானத்தில் நின்றது.

நிறம்: மூடுபனியில் லாரிக்காரர்கள் போடும் விளக்கின் மஞ்சள், அதன்மேல் கருநீல எழுத்து. தேயிலைக்கு நடுவே பச்சை ஜீப் நின்றால் யார் கண்ணிலும் படாது. மழைக்கோட்டும் இதே மஞ்சள், முதுகில் பெயர். ஆள் கூரையில் ஏறினால் எதிர் மேட்டிலிருந்து தெரிய வேண்டும்.

பெயர் தமிழில் பெரிதாக, ஆங்கில எழுத்தில் அதில் பாதி அளவில் கீழே. சாய்வெழுத்து, நிழல், மினுமினுப்பு வேண்டாம். இன்வெர்ட்டரில் ஒட்டும் ஸ்டிக்கரில் நம் எண்தான் பெரிய எழுத்து, பெயர் அதைவிடச் சிறிது. பழுதான நேரத்தில் தேடுவது எண்ணைத்தான். ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்திருந்தால் போகும்போது புதிதாக ஒட்டிவிடுங்கள். ஜீப் டாஷ்போர்டில் எப்போதும் 10 ஸ்டிக்கர் இருக்க வேண்டும்.

அந்த எண் கடையின் எண். என் சொந்த எண் அல்ல, யாருடைய சொந்த எண்ணும் அல்ல. நான் ஊரில் இல்லாவிட்டாலும், யார் வேலையை விட்டுப் போனாலும் அது இதே மேசையில் அடிக்கும். பழைய பெயரில் மாட்டிய வீடுகளுக்கு முதலில் போய் ஸ்டிக்கரை மாற்றி, நோட்டைத் தொங்கவிட வேண்டும். பெயர் மாறியதைப் பார்த்து இவர்களும் ஓடிவிட்டார்கள் என்று அவர்கள் நினைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமை வெலிங்டனிலிருந்து தொடங்குகிறோம்.