கட்டுரை யோசனை: பூக்கூடைக்கு அடியில் ஓர் அடையாள அட்டை

வணக்கம் மேடம்,

மதுரை மாசி வீதியில் மல்லிகைப்பூ விற்கும் அக்கா ஒருவர், தன் வியாபாரி அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஈரம் படாமல் கூடைக்கு அடியில் வைத்திருக்கிறார். அதைக் காட்டிய பிறகும் அதிகாரிகள் இருமுறை கூடையைத் தூக்கிப்போய்விட்டார்களாம். சாயங்காலப் பூ மறுநாள் விலை போகாதே!

2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்த உரிமைகள் வீதிவரை வந்தனவா என்பதுதான் என் கேள்வி. நடைபாதை கேட்பவர்களின் நியாயத்தையும், அதிகாரிகளின் பதிலையும் சேர்த்தே எழுதுவேன்.

1,200 சொற்கள், என் படங்களுடன், இரண்டு வாரத்தில் தருகிறேன். ஞாயிறு இணைப்புக்குச் சரிவருமா மேடம்?

அன்புடன்,
முத்துச்செல்வி
சுயாதீனச் செய்தியாளர், மதுரை